சப்பாத கன்றுக்குக் குழாயில் சீம்பால்: கழுத்தில் தொட்டுப் பார்த்த பிறகே பை

“அண்ணே, எங்கள் கலப்பினப் பசு இன்று விடியற்காலை 4 மணிக்குக் கன்று போட்டது. இழுத்துத்தான் எடுத்தோம், மழை வேறு. இப்போது மணி 10. கன்று எழுந்திருக்கவில்லை, வாயில் காம்பை வைத்தாலும் சப்பவில்லை. எடை 25 கிலோ இருக்கும். பக்கத்துத் தோட்டத்தில் பையோடு குண்டு முனை வைத்த குழாய் இரவல் வாங்கி வந்திருக்கிறேன். நுரையீரலுக்குள் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. எப்படி வைப்பது, எவ்வளவு விடலாம்? நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம், டாக்டர் வர மாலை ஆகுமாம்.”

தம்பி, குழாயைத் தொடும் முன் உங்கள் விரலை நன்றாகக் கழுவிக் கன்றின் வாய்க்குள் விட்டுப் பாருங்கள். முதலில் நாக்கின் நடுவில் வைத்து மேலண்ணத்தை லேசாகத் தடவுங்கள். அப்புறம் கொஞ்சம் உள்ளே, நாக்கின் அடிப்பக்கம் வரை கொண்டுபோங்கள். சப்பாத கன்று வேறு, விழுங்காத கன்று வேறு. சப்பாவிட்டாலும் விரல் உள்ளே போனதும் நாக்கை அசைத்து, தொண்டையை ஏற்றி இறக்கி விழுங்கப் பார்க்கிறது என்றால் அதற்குக் குழாய் வைக்கலாம். விரல் எவ்வளவு தூரம் போனாலும் எந்த அசைவும் இல்லை, தலையைத் தூக்கிவிட்டால் தொப்பென்று கீழே விழுகிறது என்றால் வைக்க வேண்டாம். அந்த நிலையில் வயிற்றிலிருந்து மேலே ஏறி வரும் பாலைக்கூட அதனால் தடுக்க முடியாது. அதற்கு வேண்டியது ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் மருந்து. உடனே மறுபடி போன் போட்டு, கன்று விழுங்கவே இல்லை என்று சொல்லுங்கள். வெறுமனே ‘பால் குடிக்கவில்லை’ என்று சொன்னால் அவசரம் புரியாது.

விரல் உள்ளே இருக்கும்போதே மேலண்ணத்தில் பிளவு இருக்கிறதா, நாக்கு வீங்கியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இழுத்து எடுத்த கன்றுகளில் பலவற்றுக்கு நாக்கு தடித்துப் போயிருக்கும். அதுவே சப்பாததற்குக் காரணமாக இருக்கலாம், பெரும்பாலும் ஓரிரு நாளில் வடிந்துவிடும். அண்ணம் பிளந்திருந்தால் டாக்டர் பார்க்காமல் எதையும் புகட்ட வேண்டாம்.

அடுத்தது உடல் சூடு. மழையில் நனைந்து பிறந்த கன்று நம் ஊர் வெக்கையிலும் குளிர்ந்துபோகும். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 38.5 முதல் 39.5 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் சரி. 37-க்குக் கீழே இருந்தால் முதலில் சாக்கால் தேய்த்து ஈரம் போக்குங்கள். வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைத் துணியில் சுற்றி நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் பக்கத்தில் வையுங்கள். சூடு ஏறிய பிறகு குழாய் வைக்கலாம். குளிர்ந்த கன்றின் குடல் சரியாக அசையாது, அப்போது விடுகிற பால் வயிற்றிலேயே தேங்கி நிற்கும். 35-க்கும் கீழே போயிருந்தால் அது வீட்டு வைத்தியத்துக்குள் அடங்காது, டாக்டர்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் நேரமும் முக்கியம். கன்று பிறக்கும்போது அதன் ரத்தத்தில் நோய் எதிர்ப்பு சக்தி கிட்டத்தட்ட இல்லை, எல்லாம் சீம்பால் வழியாகத்தான் வர வேண்டும். அதை அப்படியே உறிஞ்சும் திறன் குடலுக்கு முதல் சில மணி நேரத்தில்தான் நன்றாக இருக்கும். அப்புறம் குறைந்துகொண்டே போய் சுமார் 24 மணி நேரத்தில் மூடிவிடும். உங்கள் கன்றுக்கு 6 மணி நேரம் ஏற்கெனவே ஆகிவிட்டது. விழுங்குகிறது, சூடும் இருக்கிறது என்றால் மாலை வரை காத்திருக்காமல் இப்போதே கொடுத்துவிடுவது நல்லது என்பது என் கருத்து. முதல் கறவையில் வருகிற கெட்டியான பால் முழுவதும் கன்றுக்கே போக வேண்டும். லயத்தில் யாராவது கிண்டிச் சாப்பிடச் சீம்பால் கேட்டால், கன்றின் பங்கு போன பிறகு மிச்சம் இருந்தால் கொடுங்கள்.

கறந்த பாலைச் சுத்தமான துணியில் வடிகட்டுங்கள். திரி திரியாக இருந்தால் குழாயை அடைக்கும். ஆறியிருந்தால் பாத்திரத்தை வெந்நீரில் வைத்துச் சூடாக்குங்கள், அடுப்பில் நேராக வைக்க வேண்டாம். 60 டிகிரிக்கு மேல் போனால் எதிர்ப்பு சக்தி தருகிற புரதம் கெட ஆரம்பிக்கும், அப்புறம் அந்தப் பால் கெட்டியாகத் திரண்டுவிடும். கன்றுக்குள் போகும்போது 38 முதல் 40 டிகிரி இருந்தால் போதும், மணிக்கட்டில் விட்டால் இதமாக இருக்க வேண்டும். தண்ணீர் கலக்காதீர்கள். கெட்டியாக இருக்கிறதே, இறங்குமா என்று பயம் வேண்டாம், சூடு சரியாக இருந்தால் மெதுவாக இறங்கிவிடும்.

இனி குழாய். முனையில் குண்டு போல ஒரு உருண்டை இருக்கிறதே, அது காரணத்தோடுதான் இருக்கிறது. மூச்சுக்குழாய்க்குள் நுழைவதை அது கடினமாக்கும். உணவுக்குழாயில் இறங்கிய பிறகு பால் மேலே ஏறி வருவதையும் ஓரளவு தடுக்கும். அந்த உருண்டையை விரலால் தடவிப் பாருங்கள். முன்பு ஏதாவது கன்று கடித்துச் சொரசொரப்பாகியிருந்தால் அந்தக் குழாயை வைக்காதீர்கள், தொண்டையைக் கீறிவிடும். தோட்டத்துத் தண்ணீர்க் குழாயை வெட்டி வைத்துச் சமாளிப்பதும் வேண்டாம்.

பிறகு அளவு பாருங்கள். கன்றுக்கு வெளியே குழாயைப் பிடித்து, மூக்கு நுனியிலிருந்து முன்னங்காலின் முழங்கை முட்டி வரை வைத்து, மூக்கு நுனி வந்த இடத்தில் ஒரு டேப் ஒட்டுங்கள். அந்த அடையாளத்தைத் தாண்டி உள்ளே தள்ளக் கூடாது. கடையில் வருகிற குழாய்கள் பெரும்பாலும் பெரிய வெளிநாட்டுக் கன்றின் அளவுக்குச் செய்தவை. நம் சிறிய கன்றுக்குப் பிடி வரைக்கும் தள்ளினால் அதிகமாகப் போய்விடும்.

கன்று எழுந்திருக்கவில்லை என்கிறீர்கள். பக்கவாட்டில் படுத்த நிலையில் ஒருபோதும் குழாய் வைக்காதீர்கள். நெஞ்சை ஊன்றி, கால்களை மடக்கி, நிமிர்ந்து உட்கார்ந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். பின்பக்கம் சுவரில் சாய்ந்திருக்கட்டும். நீங்கள் கன்று பார்க்கும் பக்கமே பார்த்துக்கொண்டு, அதன் தோளை உங்கள் இரண்டு முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு ஆள் பையோடு பக்கத்தில் நிற்கட்டும், பை இன்னும் குழாயோடு சேர வேண்டாம். தலை இயல்பாக இருக்க வேண்டும், மூக்கு காதைவிடக் கொஞ்சம் தாழ்வாக இருந்தால் நல்லது. மாட்டுக்குக் கஷாயம் புகட்டும்போது வாயை மேலே தூக்கிப் பிடிக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. இங்கே அதைச் செய்தால் மூச்சுக்குழாயின் வாய் நேராகத் திறந்து கொடுக்கும்.

வெறும் குழாயின் முனையை வெதுவெதுப்பான பாலில் நனைத்து, கடைவாய் ஓரமாக உள்ளே விடுங்கள். நாக்கின் மேல் வழுக்கி, பின்பக்கம் போனதும் ஒரு தடை தெரியும். அங்கே நிறுத்துங்கள், தள்ளாதீர்கள். உருண்டையை அங்கேயே மிக மெதுவாக முன்னும் பின்னும் ஒரு விரல் அகலம் அசைத்தால் கன்று விழுங்கும். விழுங்குகிற அந்த நொடியில் குழாயை இறக்கினால் தானாகப் போகும். பலம் போட வேண்டியிருந்தால் இடம் தப்பு என்று அர்த்தம்.

இனிமேல் சொல்வதுதான் உங்கள் பயத்துக்கு நேரான பதில். ‘மூச்சுக்குழாய்க்குள் போனால் கன்று இருமும், இருமவில்லை என்றால் சரியான இடம்’ என்று பலரும் சொல்வார்கள். திடமான கன்றுக்கு அது ஓரளவு பொருந்தும். ஆனால் நாம் குழாய் வைப்பதே சோர்ந்த கன்றுக்கு, அதற்கு இருமுவதற்கே தெம்பு இருக்காது. அது இருமினால் கட்டாயம் எடுத்துவிடுங்கள். இருமவில்லை என்பதை மட்டும் அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம்ப வேண்டியது கழுத்தில் கை வைத்துத் தெரிந்துகொள்வதைத்தான்.

தாடைக்குக் கீழே, கழுத்தின் அடிப்பக்கம் நடுவில் விரலை வைத்தால் மூச்சுக்குழாய் தட்டுப்படும். கடினமாக, வளையம் வளையமாக, துணி துவைக்கும் மெஷினின் கழிவுநீர்க் குழாய் போல வரிவரியாக இருக்கும். அது எப்போதும் அங்கே இருப்பது. சாதாரணமாக உணவுக்குழாய் கைக்குத் தட்டுப்படாது, சும்மா தசை போலத் தட்டையாகக் கிடக்கும். குழாய் சரியாக இறங்கியிருந்தால் மட்டும் மூச்சுக்குழாய்க்குப் பக்கத்தில், கன்றின் இடப்புறத்தில், கொஞ்சம் பின்னால், இரண்டாவதாக ஒரு கடினமான குழாய் தெரியும். நீங்கள் கன்றோடு ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பதால் அது உங்கள் இடது கைப் பக்கம். இடது கைக் கட்டைவிரலையும் மற்ற விரல்களையும் கழுத்தைச் சுற்றி வைத்து, வலது கையால் குழாயை மேலும் கீழும் ஒரு அங்குலம் அசையுங்கள். தோலுக்கு அடியில் அந்த உருண்டை உங்கள் விரலை உரசிக்கொண்டு ஏறி இறங்கும், வளையம் உள்ள குழாய் அசையாமல் தனியாக நிற்கும். இரண்டும் தனித்தனியாகத் தெரிந்தால்தான் பையை மாட்டலாம். ஒன்றுதான் தெரிகிறது, அல்லது சந்தேகமாக இருக்கிறது என்றால், முழுவதும் வெளியே எடுத்துவிட்டு, கன்று இரண்டு மூச்சு விட்ட பிறகு மறுபடி ஆரம்பியுங்கள். கழுத்து தடித்த கன்றில் முதல் தடவை தெரியாமல் போவது சாதாரணம், அவசரப்பட வேண்டாம்.

கூடுதலாக ஒன்று செய்யலாம். குழாயின் வெளி முனையை உங்கள் கன்னத்தருகே வையுங்கள். கன்றின் விலா ஏறி இறங்குகிற ஒவ்வொரு தடவையும் காற்று வந்து போனால் அது மூச்சுக்குழாய். வயிற்றிலிருந்தும் ஒரு தடவை புளித்த வாடையோடு காற்று வரலாம், ஆனால் அது மூச்சின் தாளத்தோடு சேர்ந்து வராது. வெளி முனையைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம். இடம் தப்பாக இருந்தால் கன்று மூச்சை இழுக்கும்போது அந்தத் தண்ணீரே நுரையீரலுக்குப் போகும்.

எவ்வளவு என்பதற்கு முதலில் எடை சரியாக வேண்டும். கண்ணால் 25 கிலோ என்று சொன்னது 20 ஆகவும் இருக்கலாம். வீட்டில் ஆள் எடை பார்க்கும் தராசு இருந்தால் கன்றைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று, அப்புறம் உங்கள் எடையைக் கழியுங்கள். இணையத்தில் தேடினால் முதல் தடவையே 3 லிட்டர், 4 லிட்டர் என்று போட்டிருப்பார்கள். அது 40 கிலோவுக்குப் பிறக்கும் பிரீசியன் கன்றுக்கு, எடையில் பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கு. உங்கள் கன்றுக்கு அந்தக் கணக்கில் 2.5 லிட்டர் வரும். திடமான கன்றென்றால் அதையே ஒரே தடவையில் கொடுப்பவர்களும் உண்டு. எழுந்து நிற்காத கன்றுக்கு நான் அப்படிச் செய்ய மாட்டேன். எடையில் 20-இல் ஒரு பங்கு, அதாவது 1.25 லிட்டர் இப்போது. ஆறு மணி நேரம் கழித்து, மாலை 4 மணி போல, இன்னொரு 1.25 லிட்டர். இதில் ஆளுக்கு ஆள் கருத்து மாறும், வருகிற டாக்டர் வேறு அளவு சொன்னால் அவர் கன்றை நேரில் பார்த்துச் சொல்கிறார், அதையே செய்யுங்கள். 15 கிலோ இருக்கிற கெடா-கிளந்தான் இனக் கன்று என்றால் ஒரு தடவைக்கு முக்கால் லிட்டர்தான்.

அதே நேரம், பயந்துகொண்டு 200 மில்லி, 300 மில்லி என்று மணிக்கொரு தடவை விடுவதும் உதவாது. கன்று தானாகச் சப்பும்போது உணவுக்குழாயின் கீழே ஒரு மடிப்பு வாய்க்கால் போல மூடிக்கொண்டு, பாலை நேராக நான்காவது இரைப்பைக்குக் கொண்டுபோகும். குழாயில் விடும்போது அந்த மடிப்பு மூடாது. பால் முதல் இரைப்பையில் விழும், அது நிறைந்த பிறகுதான் வழிந்து அடுத்ததற்குப் போகும். கொஞ்சமாக விட்டால் அங்கேயே தங்கிவிடும். ஒவ்வொரு தடவையும் குழாய் வைப்பதில் இருக்கிற ஆபத்து மட்டும் கூடிக்கொண்டே போகும்.

பையைக் கன்றின் தலைக்கு மேல் ஒரு அடி உயரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். 1.25 லிட்டர் இறங்க நாலைந்து நிமிடம் ஆகட்டும். பையை அழுத்திப் பிழியக் கூடாது. ஒரு கை கடைசி வரை கழுத்திலும் குழாயிலும் இருக்க வேண்டும், கன்று தலையை உதறினால் குழாயும் தலையோடு சேர்ந்து போகட்டும், வெளியே நழுவ விடாதீர்கள். பால் வாய்க்கோ மூக்குக்கோ ஏறி வந்தால், கன்று திடீரென்று திமிறினால், இடது வயிறு உப்பினால் உடனே பையைத் தாழ்த்தி, குழாயை மடித்துப் பிடித்து வெளியே எடுத்து, தலையைக் கீழே தாழ்த்துங்கள். மிச்சம் இருக்கிறதே என்று மறுபடி உடனே வைக்காதீர்கள்.

எல்லாம் நல்லபடியாக இறங்கினாலும் எடுப்பதில் ஒரு கவனம் வேண்டும். பை காலியான பிறகும் குழாய்க்குள் பால் நிற்கும். அப்படியே உருவினால் தொண்டையைக் கடக்கும்போது அது மூச்சுக்குழாயின் வாயில் சொட்டும். பையில் கிளிப் இருந்தால் மூடுங்கள், இல்லையென்றால் குழாயை மடித்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நிறுத்தாமல் ஒரே இழுப்பாக எடுங்கள். அப்புறம் கன்றை அரை மணி நேரமாவது நெஞ்சு ஊன்றிய நிலையிலேயே உட்கார வையுங்கள். இரண்டு பக்கமும் வைக்கோல் மூட்டையோ சாக்கோ அண்டை கொடுக்கலாம்.

மாலை 4 மணிக்குக் குழாயைக் கையில் எடுக்கும் முன் மறுபடி விரலைக் கொடுத்துப் பாருங்கள். கொஞ்சமாவது சப்ப ஆரம்பித்திருந்தால் முதலில் காம்பு மாட்டிய பாட்டில், அதில் எவ்வளவு குடிக்கிறதோ அவ்வளவு. மிச்சம் மட்டும் குழாயில். பாட்டிலைக் கொண்டு வாய்க்குள் ஊற்றாதீர்கள், சப்பாத கன்றுக்கு அது குழாயைவிட ஆபத்து. நாளை காலையும் சப்பவில்லை என்றால் மூன்றாவது நாலாவது என்று குழாயிலேயே ஓட்ட வேண்டாம். இழுத்து எடுத்தபோது மூச்சுத் திணறி ரத்தத்தில் அமிலம் கூடியிருக்கலாம், சர்க்கரை இறங்கியிருக்கலாம், தொப்புள் வழியாகக் கிருமி ஏறியிருக்கலாம். இதில் எது என்று இங்கிருந்து சொல்ல முடியாது, மாவட்டக் கால்நடை அலுவலகத்திலிருந்து வருகிறவர் சோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த மூன்று நாள் காலையும் மாலையும் சூடு பாருங்கள், விலா ஏறி இறங்குவதையும் பாருங்கள். 39.5-க்கு மேல் போனாலோ, படுத்திருக்கும்போதே மூச்சு வேகமாக வாங்கினாலோ, மூக்கில் சளி வந்தாலோ கொஞ்சம் பால் நுரையீரலுக்குப் போயிருக்கலாம். அதை அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும், தள்ளிப்போட்டால் மருந்து பிடிக்காது.

இன்னொன்று, இரவல் குழாய் என்பதால் சொல்கிறேன். அந்தத் தோட்டத்தில் அதைக் கழிச்சல் கண்ட கன்றுக்கு வைத்திருந்தார்களா என்று கேளுங்கள். முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் பால் பசையை அலசிவிட்டு, அப்புறம் வெந்நீரும் சோப்பும் போட்டு உள்ளேயும் தேய்த்துக் கழுவி, நுனி கீழே பார்க்கத் தொங்கவிட்டுக் காயவைத்த பிறகுதான் உங்கள் கன்றின் வாய்க்குள் போக வேண்டும். வேலை முடிந்ததும் அதே போலக் கழுவித் திருப்பிக் கொடுங்கள். முடிந்தால் சொந்தமாக இரண்டு வாங்கி, ஒன்றைச் சீம்பாலுக்கு மட்டும் வையுங்கள். மற்றதைக் கழிச்சல் கன்றுக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் விடுவதற்கு வைத்துக்கொள்ளலாம். கழிச்சல் கன்றுக்கு அந்தக் கரைசலைத்தான் குழாயில் விடலாம், பாலை விடக் கூடாது. அது முதல் இரைப்பையில் தேங்கிப் புளித்து, இருக்கிற நோயோடு இன்னொன்றையும் கூட்டிவிடும்.